இன்னும் எத்தனை மிச்சம்?

உத்தமனுக்குக் கேள்வி கேட்கப் பிடிக்கும். பதில் பிடிக்காவிட்டால் முகம் சுண்டிப்போகும். பொம்மசந்திராவில் ஒரு சட்டைக் கம்பெனியின் அயர்ன் பிரிவுக்கு அவர்தான் சூப்பர்வைசர். ஷிஃப்ட் முடிந்ததும் கேன்டீனுக்குப் பின்னால் இருந்த தகரக் கொட்டகையில் அங்கே வேலை செய்யும் பெண்களுக்குப் பவர்லிஃப்டிங் கோச். ஒரே ஆளுக்கு இரண்டு நாற்காலி. இரண்டிலும் நன்றாகவே உட்கார்ந்திருந்தார்.

அது 2009. கம்பெனிகளுக்கு இடையிலான போட்டிக்கு ஒருத்தியை அனுப்ப வேண்டும். மெடல் வாங்கினால் ஸ்டோரில் உட்கார்ந்து செய்கிற வேலை என்று மேனேஜர் வாக்குக் கொடுத்திருந்தார். நாளெல்லாம் நீராவியில் நின்று சட்டை தேய்க்கும் சீதாலட்சுமிக்கு அந்த நாற்காலி வேண்டும். கால் நரம்பு முடிச்சுப் போட்டுக் கிடந்தது.

ஒருத்தியால் அதிகபட்சம் எத்தனை கிலோ முடியும், அதில் இத்தனை சதவீதம் தூக்கு என்கிற கணக்கெல்லாம் அங்கே நடக்காது. உச்சத்தை யாரும் சோதித்ததில்லை. புதிதாகத் தூக்குகிறவர்களுக்கு அது வாரத்துக்கு வாரம் ஏறும். ஓவர்டைம் பார்த்த நாளில் இறங்கும். அதனால் உத்தமன் இன்டர்நெட்டில் படித்த வழியைப் பிடித்துக்கொண்டார். ஐந்து முறை தூக்கியதும் கேட்பார்: “இன்னும் எத்தனை வரும்?” இரண்டு என்றால் சிரமம் பத்துக்கு எட்டு, அதுதான் அவருக்கு வேண்டும். நாலைந்து மிச்சம் என்றால் எடை கூடும். ஒன்றுமே இல்லை என்றால் அது பத்துக்குப் பத்து, எடை குறையும். சொல்கிறவள் உண்மை சொல்ல வேண்டும், அவ்வளவுதான்.

கூடவே தூக்கும் சுப்புலக்ஷ்மி உள்ளதைச் சொல்வாள். சீதாலட்சுமியோ அறுபது கிலோவைத் தரையிலிருந்து ஐந்து முறை தூக்கி வைத்துவிட்டு எப்போதும் ஒரே பதில்: “ஒண்ணுமே இல்ல சார்.”

உத்தமனுக்குச் சந்தேகம். தெம்பு தீரும்போது எடைக் கம்பி மெதுவாக ஏறும். இவளுக்கு ஐந்தாவதும் முதலாவது மாதிரியே விறுவிறுவென்று வந்தது. ஒரு நாள் பொறுக்க முடியாமல், “நிறுத்தாத. முதுகு வளையாத வரைக்கும் தூக்கு,” என்றார். பத்துவரை வந்தது. பதினொன்று மெதுவானது. பன்னிரண்டு முட்டிக்கு மேலே திணறி ஏறியது. மற்ற பெண்கள் கை தட்டினார்கள். சீதாலட்சுமி துப்பட்டாவால் முகத்தை மூடிக்கொண்டாள், திருடி அகப்பட்டவள் மாதிரி.

“ஏழு மிச்சம் வெச்சிட்டு பூஜ்யம்னு சொல்றியா? என்னம்மா இது, யாரை ஏமாத்துற?”

“மிச்சம் இருக்குன்னு சொன்னா ஏத்துவீங்க சார்.”

“ஏத்தத்தானே கேக்கறேன்!”

“அயர்ன் டேபிள்லயும் அப்படித்தான் கேட்டீங்க. ஒரு நாள் வேகமா முடிச்சேன். மறுநாள் எல்லாருக்கும் அதே டார்கெட் வெச்சீங்க. உஷாக்காவால முடியல. எல்லார் முன்னாடியும் திட்டினீங்க. வேலையை விட்டுட்டு ஊருக்கே போய்ட்டாங்க.”

உத்தமனுக்குக் காது மடல் சுட்டது. உஷாவைத் திட்டியது அவருக்கு மறந்தே போயிருந்தது. அதுதான் கூடுதல் வெட்கம். “இங்க சொல்றது இங்கயே இருக்கும்மா, டேபிளுக்கு வராது,” என்றார்.

அவள் நம்பினாள். அடுத்த முறை எழுபது கிலோ. ஐந்தாவது கொஞ்சம் மெதுவாக வந்தது. “ரெண்டு வரும் சார்,” என்றாள். சரியாக இருந்தது. சில வாரத்தில் சுப்புலக்ஷ்மியைத் தாண்டிவிட்டாள். போட்டிக்கு அவள் பெயர்தான் என்று எல்லோரும் பேசிக்கொண்டார்கள்.

பெயர் கொடுக்க வேண்டிய வாரம் மேனேஜர் கூப்பிட்டார். பெரிய ஆர்டர். “அயர்ன்ல இன்னும் ஏத்த முடியுமா உத்தமன்? உங்க பொண்ணுங்கதான் நல்லா தெம்பா இருக்காங்களே!” முடியாது என்று சொல்லத்தான் உத்தமன் வாயைத் திறந்தார். “கொஞ்சம் ஏத்தலாம் சார்,” என்று வந்தது. பலகையில் புது டார்கெட்டை அவர் எழுதும்போது சீதாலட்சுமி அயர்ன் பெட்டியோடு பின்னால் நின்றிருந்தாள்.

மாலையில் வந்தாள். வராமல் இருந்திருந்தால் அவருக்குச் சௌகரியமாக இருந்திருக்கும். ஐந்து முறை தூக்கினாள். கம்பி எங்கும் தயங்கவில்லை. உத்தமன் தரையைப் பார்த்துக்கொண்டு கேட்டார்.

“எத்தனை வரும்மா?”

அவள் நேராகப் பார்த்தாள். இப்படிச் சொன்னால் போட்டியும் நாற்காலி வேலையும் போய்விடும் என்று அவளுக்குத் தெரியாதா என்ன?

“ஒண்ணுமே இல்ல சார்.”

இன்னும் தூக்கு என்று சொல்ல அவருக்கு வாய் வரவில்லை. குனிந்து, கம்பியிலிருந்து தன் கையாலேயே ஒவ்வொரு எடைத் தட்டாகக் கழற்றினார்.