மொட்டையன் என்கிற வாத்தியார்

திண்டிவனம் பதிவு அலுவலகத்துக்கு எதிரே பத்திரம் எழுதிப் பிழைக்கிறேன். கௌரவம் பார்க்கிற ஆட்களால்தான் எனக்குத் தலைவலி. ஓய்வுபெற்ற வாத்தியார் ஒருவர் நிலம் விற்க வந்தார். சிறுவயதில் அவர் பெயரில் அப்பா வாங்கிய நிலம். தாய்ப் பத்திரத்தில் வீட்டுப் பெயரான மொட்டையன்; ஆதாரில் பள்ளிக்கூடப் பெயர்.

"ரெண்டையும் 'என்கிற' போட்டுச் சேக்கணும் சார். இல்லன்னா வித்தது வேற ஆளுன்னு நாளைக்கு வாங்கினவருக்குத் தகராறு வரும்" என்றேன்.

"அந்தப் பேரச் சொன்னவன எல்லாம் பிரம்பால அடிச்சிருக்கேன்" என்றார். பிறகு வேண்டாவெறுப்பாகச் சம்மதித்தார்.

அடையாளம் காட்ட, தன் பழைய மாணவர்கள் இருவரை அனந்தபுரத்திலிருந்து சாட்சிகளாகக் கூட்டி வந்தார். இருவருக்கும் தலை நரைத்திருந்தது.

"மொட்டையன்னு சொல்றது இவரைத்தானா?" என்று சார்பதிவாளர் கேட்டார்.

இருவரும் கையைக் கட்டிக்கொண்டார்கள். "எங்க சாருக்கு அப்படி ஒரு பேரே கெடையாதுங்க."

சார்பதிவாளர் பத்திரத்தைத் தள்ளி வைத்தார். வாத்தியார் பல்லைக் கடித்தார். "டேய், முதுகுக்குப் பின்னால சொல்லிக்கினு திரிஞ்சீங்களே, அத இப்ப மூஞ்சிக்கு நேரா சொல்லித் தொலைங்கடா."

மூத்தவர் உள்ளங்கையை வாத்தியார் முன் நீட்டிவிட்டு, "மொட்டையன்தாங்க" என்றார்.