செம்மேட்டுத் தலைப்பில் பரிமளா

பரிமளாவுக்குக் கோபமே வராது. அவளுக்கும் சேர்த்து எனக்கு வரும். அவளைப் பற்றிப் பேச உட்கார்ந்தாலே இன்றைக்கும் எனக்கு வயிறு எரிகிறது.

மலைமேல் செம்மேட்டில் எங்கள் விதைத் திட்டத்துக்கு ஒரு சின்ன ஆபீஸ் இருந்தது. ஊர் ஊராகப் போய் விதை சேகரிப்பது என் வேலை. கணக்கு, கம்ப்யூட்டர், கடிதப் போக்குவரத்து எல்லாம் பரிமளா. அதே மலையில் குண்டூர் நாடு என்கிற பகுதிப் பெண். நாமக்கல்லில் ஹாஸ்டலில் தங்கி பி.காம். முடித்துவிட்டு மலைக்கே திரும்பி வந்தவள். என்னை 'பூபதியண்ணா' என்பாள்.

திட்டத்துக்குப் பணம் வந்தது கனடாவிலிருந்து, தலைமை ஆபீஸ் சென்னையில். அதனால் மாதம் இரண்டு தடவை டொரோண்டோ, சென்னை, செம்மேடு மூன்றும் ஒரே போனில் பேசும். ஸ்பீக்கரைப் போட்டுவிட்டு மேஜையைச் சுற்றி உட்காருவோம். டொரோண்டோவில் காலை எட்டு மணி என்றால் நமக்குச் சாயங்காலம் ஐந்தரை. குளிர்காலம் வந்தால் அவர்கள் கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னால் தள்ளிக்கொள்வார்கள், நமக்கு ஆறரை ஆகிவிடும். பேசி முடிப்பதற்குள் கடைசி பஸ் போய்விடும். "அவிங்களுக்குக் குளிருனா நாம நடந்து சாகோணுமா?" என்று நான் கத்துவேன். பரிமளா சிரித்துக்கொண்டே குறிப்பு எடுப்பாள்.

மறுநாள் காலையில் அந்தக் குறிப்பைச் சுருக்கி மூன்று ஊருக்கும் மெயில் அனுப்புவாள். மேலே என்ன முடிவானது என்று நாலு வரி. அதற்குக் கீழே டொரோண்டோ, சென்னை, செம்மேடு என்று ஊர்வாரியாகத் தலைப்பு. ஒவ்வொரு தலைப்பிலும் யார், என்ன வேலை, எந்தத் தேதிக்குள் என்பது இருக்கும். தேதி அந்தந்த ஊர்க் கணக்குப்படி. டொரோண்டோவில் வெள்ளிக்கிழமை சாயங்காலம் என்றால் இங்கே சனிக்கிழமை விடியப்போகும், அதில் குழப்பம் வரக்கூடாது என்பாள். ஒருமுறை ஒரு விதைப் பார்சல் அனுப்பும் வேலை இரண்டு ஊர்த் தலைப்பில் வந்துவிட, அவர்கள் அனுப்புவார்கள் என்று இவர்களும், இவர்கள் அனுப்புவார்கள் என்று அவர்களுமாக, கடைசியில் பூஞ்சை பிடித்துப்போனது. அன்றிலிருந்து, ஊர் இல்லாத வேலையை எழுதமாட்டாள், ஓர் ஆளை இரண்டு ஊரில் போடமாட்டாள். கடைசி வரியாக, திருத்தம் இருந்தால் இரண்டு நாளுக்குள் எழுதுங்கள், இல்லையென்றால் சம்மதம் என்று எடுத்துக்கொள்வோம் என்று போடுவாள். மூன்று ஊரிலும் அவளைக் கொண்டாடினார்கள்.

இரண்டாயிரத்து எட்டு ஏப்ரலில் ஒரு சாயங்காலம் டொரோண்டோ ஆபீஸின் பொறுப்பாளர் டயான் அம்மா சொன்னார்: ஜூன் மாதத்தோடு திட்டம் முடிகிறது, செம்மேட்டு ஆபீஸை மூடவேண்டியதுதான். எனக்குச் சப்பென்று ஆகிவிட்டது. உடனே சென்னை ஆபீஸைப் பார்த்துக்கொண்டிருந்த சுஜிதா மேடம், "பரிமளாவை விடமுடியாது டயான். ஜூலைல இங்கேயே வந்துடட்டும், எனக்கு ஆள் வேணும்" என்றார். டயானும் நல்ல யோசனை என்றார். பரிமளாவின் முகத்தைப் பார்க்கவேண்டுமே! எத்தனை நாள் ஆசை அது. என் பக்கம் குனிந்து, "அண்ணா, சென்னையில வெயிலு ரொம்பங்களா?" என்று கிசுகிசுத்தாள்.

அதோடு விட்டிருக்கலாம். பாவி மகள், வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்தாளா? குண்டூர் நாட்டில் அவள் ஊரில் நாங்கள் ஒரு சாமை மில் போட்டிருந்தோம். உமி நீக்குகிற மெஷின். அது வருவதற்கு முன்னால் பெண்கள் உரலில் குத்திக் குத்தித் தோள்பட்டை கழன்றுபோகும். பரிமளாவின் அம்மா பாப்பாயிக்கு வலது கையைத் தலைக்கு மேல் தூக்கவே முடியாது. தலை சீவ மகள்தான் வரவேண்டும்.

"ஜூனுக்கு அப்பறம் மில்லை யாருங்க பாத்துக்குவாங்க?" என்று பரிமளா போனில் கேட்டாள்.

அது முக்கியம்தான் என்றார் டயான். "ஆமா, பார்க்கணும்" என்றார் சுஜிதா மேடம்.

"எந்த ஊர்த் தலைப்புல போடட்டுங்க?"

டயானுக்கு அடுத்த மீட்டிங் இருந்தது. நன்றி சொல்லி வைத்துவிட்டார்கள்.

மறுநாள் அவள் தட்டிக்கொண்டிருந்ததை எட்டிப் பார்த்தேன். செம்மேட்டுத் தலைப்பில், 'சாமை மில் பராமரிப்பு, பரிமளா, ஜூலை முதல்' என்று இருந்தது. சென்னைத் தலைப்பில் அவள் பேர் இல்லை.

"உனக்குக் கிறுக்கா புடிச்சிருக்குது? மில்லை உட்டுத் தள்ளு!"

"எழுதாம உட்டா அது யாரு வேலையும் இல்லீங்ணா. அம்மா மறுக்கா உலக்கையத் தூக்கறதா?"

"அப்ப ரெண்டு ஊர்லயும் உம்பேரப் போடு கண்ணு."

"அதெப்படிங்ணா? ரெண்டு நாள் இருக்குதில்லீங்களா. மேடம் பாத்துட்டு, மில்லுக்கு வேற ஆளப் போடு, நீ கெளம்பி வான்னு எழுதுவாங்க பாருங்க."

அவ்வளவு நம்பிக்கை. மெயில் போனது. அந்த இரண்டு நாளும் மோடம் கீச்சுக் கீச்சென்று கத்திக்கொண்டே இருந்தது. டீ குடிக்கக்கூட அவள் வெளியே வரவில்லை. டொரோண்டோவிலிருந்து பதில் வந்தது: நன்றி, ரொம்பத் தெளிவாக இருக்கிறது. சென்னையிலிருந்தும் வந்தது: நன்றி பரிமளா. வேறொன்றும் வரவில்லை.

"போனைப் போட்டுக் கேட்டுரு" என்றேன்.

"வேணும்னா எழுதியிருப்பாங்ணா. கூப்புட்டுக் கேட்டா பிச்சை கேக்கற மாதிரி ஆயிருமுங்க." சொல்லிவிட்டுக் கம்ப்யூட்டரை அணைத்தாள். கண் கலங்கியிருந்தது. அதற்கு மேல் நானும் வற்புறுத்தவில்லை.

ஆபீஸை மூடினார்கள். நான் சேந்தமங்கலத்தில் உரக்கடை வேலைக்குப் போனேன். பரிமளா மில்லைப் பார்த்தாள். சல்லடை கிழிந்தால் நாமக்கல்லுக்கு பஸ் ஏறுவாள். வோல்டேஜ் இறங்கி மோட்டார் புகைந்தால் அதைத் தூக்கிக்கொண்டு எரிந்த காயில் கம்பியைத் திரும்பச் சுற்ற ஓடுவாள். பி.காம். படித்த பெண், தலையெல்லாம் உமித் தூசி. இதற்குள் சாமை போட்ட காடெல்லாம் மரவள்ளிக் கிழங்கு ஆனது. கிழங்கு ஏற்ற லாரி வந்தது, சாப்பாட்டுக்கு ரேஷன் அரிசி வந்தது. யாரைக் குற்றம் சொல்வது? அவரவர் பிழைப்பு அவரவருக்கு. பாப்பாயியும் போய்ச் சேர்ந்தாள். மில்லுக்கு மூட்டை வருவது குறைந்து, நோம்பிக்கு நோம்பி, பண்டிகை நாளில் மட்டும் என்று ஆகி, நின்றுபோனது. பரிமளா மட்டும் தினமும் பூட்டைத் திறந்து பெருக்கிக்கொண்டிருந்தாள்.

இரண்டு வருஷம் கழித்து, பழைய திட்டங்கள் எப்படி இருக்கின்றன என்று பார்க்க சுஜிதா மேடம் மலைக்கு வந்தார். நான்தான் கூட்டிப்போனேன். துடைப்பமும் பழைய உமித் தூசியுமாக நின்றவளைப் பார்த்ததும் மேடம் அப்படியே நின்றுவிட்டார்.

"உனக்குன்னு மேஜைகூடப் போட்டு வெச்சேன் பரிமளா. நீதான் வரலை."

"மேடம்?"

"சென்னைத் தலைப்புல உன் பேரைக் காணோமே. உனக்கு இஷ்டமில்லை, வாய்விட்டுச் சொல்ல நீ கூச்சப்படறேன்னு நெனச்சேன்."

"கீழ, செம்மேட்டுத் தலைப்புல போட்டிருந்தேனுங்களே மேடம்."

"அதை நான் படிக்கலையேம்மா. யாருமே படிக்கமாட்டோம். அவங்கவங்க ஊரை மட்டும் படிச்சாப் போதும்னுதானே நீ அப்படிப் பிரிச்சு எழுதினே?"

மேடத்தைத் திட்டலாம் என்று வாய் வரைக்கும் வந்தது. ஆனால் அந்த அம்மாளும் அழுதுகொண்டிருந்தார்.

பரிமளா மெஷின்மேல் கை வைத்து நின்றாள்.

"ஆமாங்க மேடம்," என்றாள். "அதுக்குத்தானுங்க பிரிச்சேன்."