ஆறு குழந்தைக்கு மேல் இல்லை

ஊர்ப் பொது நீச்சல் குளத்தில் உயிர்காப்பாளராக ஒன்பது வருஷம் வேலை பார்த்தவள் அவள். தெருவில் எல்லாருக்கும் அவள் 'நீச்சல் அக்கா'. குளத்தை இடித்துப் புதுசாகக் கட்டப் போகிறோம், எப்போது முடியும் என்று தெரியாது என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். விசிலோடு வீட்டுக்கு வந்தாள். ஒரு வாரம் சும்மா இருந்து பார்த்தாள், முடியவில்லை. கண் எதையாவது எண்ணிக்கொண்டே இருந்தது. கடைக்குப் போனாலும் வரிசையில் நிற்கிற குழந்தைகளின் தலையை எண்ணினாள்.

"உனக்கு எண்ணுறதுக்குத் தலை வேணும், அவ்வளவுதானே? வீட்டிலேயே குழந்தைகள் காப்பகம் ஆரம்பிச்சிடு" என்றான் லிஃப்ட் மெக்கானிக்கான அவள் கணவன். விளையாட்டாகத்தான் சொன்னான். ஆனால் அவள் மறுநாளே நகராட்சி அலுவலகத்தில் போய் நின்றாள்.

அனுமதிக்கு முன்னால் ஒரு அதிகாரி வந்து வீட்டைப் பார்த்தார். தரைத்தளம், தனி வாசல், காற்றோட்டம் எல்லாம் அவருக்குச் சரி. பிளக் ஓட்டைகளுக்கு மூடி, சமையலறைக்குக் குட்டிக் கதவு, மருந்துக்கும் பினாயிலுக்கும் எட்டாத உயரத்தில் பூட்டுப் போட்ட அலமாரி, சாய்ந்து விழாதபடி சுவரோடு திருகிய புத்தக அலமாரி எல்லாவற்றையும் தட்டிப் பார்த்தார். குளியலறையில் பக்கெட்டுகள் கவிழ்ந்து கிடந்தன.

"தண்ணி பிடிச்சு வைக்கிற பழக்கம் இல்லையா?"

"இந்த வீட்டில இனிமே இல்ல சார். தவழுற குழந்தை தலைகுப்புற விழுந்தா அரை பக்கெட் தண்ணிகூட வேணாம். கத்தாது, சத்தமே வராது. அப்படியே அடங்கிடும்."

அதிகாரி தலையாட்டிக்கொண்டே அதைக் குறித்துக்கொண்டார். அவரும் வீட்டுக்குப் போனதும் பக்கெட்டைக் கவிழ்த்திருப்பார் என்று அவளுக்கு ஒரு நம்பிக்கை.

ரெண்டு வயசுக்கு உட்பட்ட ஆறு குழந்தைகள், எப்போதும் ரெண்டு பெரியவர்கள் என்று அனுமதி கிடைத்தது. ரெண்டாவது ஆள் மாடி வீட்டு அக்கா. மருத்துவமனையில் பிரசவ வார்டு ஆயாவாக இருந்து ஓய்வு பெற்றவள். அவளுக்கும், வீட்டில் வசிப்பதால் கணவனுக்கும் போலீஸ் சரிபார்ப்பு நடந்தது. "கல்யாணத்துக்கு முன்னாடி உங்க அப்பாகூட என்னை இவ்வளவு விசாரிக்கல" என்றான் அவன்.

கட்டணம் வைக்கிற அன்று மாடி வீட்டு அக்கா அவளைப் பிடித்து உலுக்கிவிட்டாள். பால், சோப்பு, கரண்ட், சம்பளம் எல்லாவற்றையும் கூட்டி ஆறால் வகுத்து வைத்திருந்தாள் நீச்சல் அக்கா.

"என் சம்பளம் இருக்கு. உன் சம்பளம் எங்கடி?"

"நான்... வீட்டில தானே அக்கா இருக்கேன்."

"வீட்டில இருந்தா வயிறு பசிக்காதா? ஆறு மாசத்துல இழுத்து மூடிட்டுப் போயிடுவ. அப்புறம் அந்தக் குழந்தைங்க எங்க போகும்?"

அவள் சம்பளமும் சேர்ந்தது. தாமதமாகக் கூட்டிப்போனால் எவ்வளவு என்பதையும் சேர்த்து, முதல் நாளே எல்லாருக்கும் ஒரே மாதிரிச் சொன்னாள். மெயின் ரோட்டுக் காப்பகத்தைவிடக் கொஞ்சம் அதிகம்தான். இருவர் முகத்தைச் சுளித்துக்கொண்டு போனார்கள். மற்றவர்கள் வந்தார்கள்.

வந்தவர்களில் ஒருவர் கூரியர் அப்பா. பைக்கில் பார்சல் கொண்டுபோய்க் கொடுக்கிற வேலை. மனைவிக்கு ஆய்வுக்கூடத்தில் வேலை. பதினொரு மாசப் பெண் குழந்தையை ஒப்படைக்கும்போது கைக்குழந்தையைவிட அவர்தான் அதிகமாக அழுதார்.

"எப்ப வேணாலும் சொல்லாம வந்து பாருங்க" என்று நீச்சல் அக்கா எல்லாரிடமும் சொல்வது வழக்கம். எல்லாரும் தலையாட்டிவிட்டுப் போவார்கள். இந்த மனிதர் மட்டும் அதை அப்படியே எடுத்துக்கொண்டார். பத்தரைக்கு மணி அடிக்கும். "இந்த அட்ரஸ் எங்க இருக்குன்னு தெரியுமா?" என்று ஒரு பார்சலைக் காட்டுவார். ரெண்டு மணிக்கு மறுபடி மணி. "பேனா இருக்குமா?" கழுத்து மட்டும் கதவிடுக்கு வழியே உள்ளே நீண்டிருக்கும்.

"இந்தத் தெருவுக்கே இவ்வளவு பார்சல் வருதா!" என்பாள் மாடி வீட்டு அக்கா. சலித்துக்கொள்ளாமல் ஒவ்வொரு தடவையும் கையைக் கழுவச் சொல்லி, வருகைப் பதிவில் கையெழுத்து வாங்கி உள்ளே விடுவாள் நீச்சல் அக்கா. மகள் நிம்மதியாகத் தூங்கிக்கொண்டிருப்பாள். அவருக்கு நிம்மதி வராது. ஒருநாள் மகள் நெற்றியில் லேசான வீக்கம். அவர் கேட்பதற்கு முன்னாலேயே போன் வந்திருந்தது: "பந்தைப் பிடிக்கப் போய் நாற்காலிக் காலில் இடிச்சுக்கிட்டா. ஐஸ் வெச்சோம். வாந்தி இல்ல, நல்லா விளையாடுறா. வந்து பாக்கணும்னா வாங்க." அன்றும் வந்தார். ஆனால் பார்சல் இல்லாமல், நேராக.

அடுத்த மாதம் விடிகாலையில் மாடி வீட்டு அக்காவுக்குக் காய்ச்சல். நீச்சல் அக்கா உடனே ஆறு வீட்டுக்கும் போன் போட்டாள். "இன்னைக்கு நான் ஒரு ஆள்தான். மூணு குழந்தைக்கு மேல முடியாது. யாரால வீட்டில வெச்சுக்க முடியும்? இன்னைக்குக் கட்டணம் கழிச்சுக்கறேன்." விடுப்பில் இருந்த ஒரு அம்மாவும், ஊரிலிருந்து அத்தை வந்திருந்த இன்னொரு வீடும் சரி என்றார்கள். இன்னும் ஒரு குழந்தை அதிகம்.

கூரியர் அப்பா மகளைத் தூக்கிக்கொண்டு நேரிலேயே வந்துவிட்டார். "நான் லீவு போட்டுட்டு உங்களோட இருக்கேன். நாலு குழந்தை, ரெண்டு பேர். கணக்கு சரிதானே?"

"உங்க குழந்தையை நீங்க பாத்துக்கலாம். மத்தவங்க குழந்தைக்கு நீங்க ஆள் கிடையாது சார்."

"ஏன்? என்னைத் தெரியாதா உங்களுக்கு? தினம் மூணு தடவை பாக்கறீங்க!"

"தெரியும். நல்ல மனுஷன்னும் தெரியும். ஆனா உங்களை நான் இன்னும் சரிபாக்கல. முதலுதவி தெரியுமான்னும் தெரியாது. அந்த மூணு வீட்டுக்காரங்க என்கிட்ட விட்டுட்டுப் போறாங்க, உங்ககிட்ட இல்ல."

அவர் முகம் தொங்கிப்போயிற்று. மகளைத் தூக்கிக்கொண்டு விறுவிறுவென்று தெருமுனை வரை போனார். அங்கே நின்றுவிட்டார். தினமும் மூணு தடவை வந்து நிற்கிற தன்னையே உள்ளே விடாத கதவு, வேறு யாரை விட்டுவிடும்? மெல்ல அது உறைக்க உறைக்க, நடுத்தெருவில் நின்று சிரிக்க ஆரம்பித்தார். குழந்தையும் காரணம் தெரியாமல் சேர்ந்து சிரித்தது. அன்று லீவு போட்டு மகளோடு வீட்டில் இருந்தார்.

அதன்பிறகு பத்தரை மணி அடிக்கவில்லை. ரெண்டு மணியும் அடிக்கவில்லை. "ஆளே காணோமே, ஏதாவது கோபமா?" என்று மாடி வீட்டு அக்கா கவலைப்பட்டாள். கோபமெல்லாம் இல்லை. அவர் பார்சல் கொடுக்கிற வீட்டிலெல்லாம் இந்தக் கதையைச் சொல்லிக்கொண்டிருந்தார். ஊர் முழுக்க இருந்து போன் வந்து குவிந்தது. ஏழாவது குழந்தைக்கு இரட்டைக் கட்டணம் தருகிறேன் என்றுகூட ஒருவர் கேட்டார். "ஆறுக்கு மேல் இல்லை" என்று சொல்லிச் சொல்லி அவள் தொண்டை கட்டிவிட்டது. மாடி வீட்டு அக்காவுக்குக் காய்ச்சல் வந்த அன்று போல மறுபடி மாட்டிக்கொள்ளக்கூடாதென்று, நாத்தனாருக்கு முதலுதவிப் பயிற்சியும் சரிபார்ப்பும் முடித்து மாற்று ஆளாகத் தயார் செய்துவைத்தாள்.

அந்த மாதக் கடைசியில் ஒரு மதியம், கூரியர் மகள் சுவரை விட்டுவிட்டு ரெண்டடி வைத்தாள். மாடி வீட்டு அக்கா வாயைப் பொத்திக்கொண்டாள். "சொல்லாதே. பெத்தவங்க வீட்டில தானா பாக்கட்டும்."

"பெத்தவங்ககிட்ட எதையும் மறைக்க மாட்டேன்னு சொல்லியிருக்கேனே" என்றாள் நீச்சல் அக்கா. போனை எடுத்தாள்.

கால் மணி நேரத்தில் பைக் வந்து நின்றது. அவர் கையைக் கழுவி, கையெழுத்துப் போட்டு, தரையில் மண்டி போட்டு ரெண்டு கையையும் நீட்டினார். "வாடா தங்கம், வா." தங்கம் பொத்தென்று உட்கார்ந்துகொண்டது. கெஞ்சினார், பாட்டுப் பாடினார், சேட்டை செய்தார். விழித்திருந்த மற்ற மூணு குழந்தைகளும் கைதட்டி ரசித்தன. தங்கம் மட்டும் கட்டைவிரலைச் சூப்பிக்கொண்டிருந்தது. அவர் தோற்றுப்போய்ச் சுவரில் சாய்ந்தார். அந்த நேரம் பார்த்து மாடி வீட்டு அக்கா சிந்திய பாலைத் துடைக்கத் துணியோடு குனிந்தாள். குழந்தை எழுந்தது. தள்ளாடித் தள்ளாடி, அப்பாவைத் திரும்பிக்கூடப் பார்க்காமல், அந்த அழுக்குத் துணியை நோக்கி நாலடி நடந்து அதைப் பிடித்துக்கொண்டது.

கூரியர் அப்பா போட்ட கூச்சலில் தூங்கிக்கொண்டிருந்த ரெண்டு குழந்தைகள் எழுந்து வீறிட்டன. நீச்சல் அக்கா ஒன்றை இடுப்பிலும் ஒன்றைத் தோளிலும் போட்டுக்கொண்டு சிரித்தாள்.