சுவரோரம் ஒரு மூட்டை

வாழவந்தி நாடு என்ற எங்கள் மலைக்கிராமத்தில், என் மளிகைக் கடையில் மூட்டைகளெல்லாம் பலகை மேல், சுவரை விட்டு ஒரு சாண் தள்ளி இருக்கும். அந்த இடைவெளியைத் துடைப்பத்தால் கூட்டி, டப்பாக்களை மூடிய பிறகே கடையைச் சாத்துவேன். எலிக்கு ஒளிய இடம் கிடைக்காது.

ஒரு சாயங்காலம், பஸ்ஸைத் தவறவிட்ட விவசாயி ஒருவர் சந்தைக்கான சாமை மூட்டையைக் கடைக்குள் சுவரோடு சாய்த்துவிட்டுப் போனார். வேண்டாம் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. காலையில் பார்த்தால் மூட்டையில் ஓட்டை, பின்னால் எலிப்புழுக்கை, கடிபட்ட ரஸ்க் பாக்கெட்டுகள்.

மூட்டையை எடுக்க வந்த விவசாயி, “ஏனுங்க, இத்தன எலி வளக்கறீங்களே, பேரு வெச்சிருக்கீங்களா?” என்று சிரித்தார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

அடுத்த வாரமும் மூட்டையோடு வந்தார். தரையைப் பார்த்துக்கொண்டே, “உள்ள வேண்டாமுங்க” என்றேன். முகம் சுருங்க எதிர்க்கடைக்குத் தூக்கிப் போனார். என்னிடம் வாங்கிவந்த சர்க்கரையையும் இப்போது அங்கேதான் வாங்குகிறார்.