செலீன் அக்காவின் செத்த பல்ப் டின்

கொட்டாஞ்சேனையில் பாயிஸ் நானாவின் மின்சாமான் கடையில் செலீன் அக்கா இருபத்திரண்டு வருடமாக நிற்கிறார். பள்ளிக்கூடத்து ஓ/எல் பரீட்சை வரைதான் படிப்பு. கொச்சிக்கடையிலிருந்து நடந்தே வருவார், வந்ததும் முதலில் ஒரு பிஸ்கற் டின்னைத் தட்டின் கீழிருந்து எடுத்து மேலே வைப்பார். உள்ளே பழுதாகிப்போன பல்ப்கள். ஒவ்வொன்றின் தலையிலும் சிவப்பு நெயில்பொலிஷ் புள்ளி.

அந்த டின் எதற்கென்று பங்குத் திருவிழாவன்றுதான் தெரிந்துகொண்டேன்.

எங்கள் ஒழுங்கை தெருவில் ஏறும் முனையில் அந்தோனியாருக்குப் புதிய கண்ணாடிக்கூடு கட்டியிருந்தோம். பொறுப்பாளர் சூசைதாசன் அங்கிள். போன வருடம் கோயில் சுரூபத்தைத் தூக்கிப் பவனி வந்தபோது பழைய கூட்டின் விளக்கு அணைந்துபோக, பக்கத்து ஒழுங்கைக்காரர் கைபேசி ரோர்ச்சை அடித்து உதவினார்கள். அந்த உதவியை அவர் இன்னும் மன்னிக்கவில்லை. அதனால் இத்தாலியில் இருக்கும் மருமகன் ஜொனாதனிடம் சொல்லி விளக்குகள் எடுப்பித்திருந்தார். உடையும் என்று பயந்து அவன் பல்ப்களை மட்டும் அனுப்பவில்லை.

நான் ஒழுங்கையின் முதல் பட்டதாரி. படித்தது புவியியல். ஆனாலும் ஒழுங்கையில் எது பழுதானாலும் என்னைத்தான் கூப்பிடுவார்கள், எனக்கும் மறுக்கத் துணிவில்லை. நாலு ஹோல்டர், ஒன்பது வோட், என்று எழுதிக்கொண்டு காலையில் கடைக்குப் போனேன். பல்பின் அடி என்ன வகை என்று செலீன் அக்கா கேட்டார். எங்கள் வீட்டில் இருப்பது போல, அழுத்தித் திருப்பினால் பூட்டிக்கொள்ளும் பயனெட் வகை என்றேன். பார்க்காமலே சொன்னேன்.

கூட்டின் கூரையில் இருந்தது பழைய கூட்டிலிருந்து எடுத்துப் பூட்டிய ஹோல்டர். முதல் பல்பின் இரண்டு பக்க முளைகளும் அதன் வெட்டுக்குள் போய், ஸ்பிறிங் எதிர்த்துத் தள்ள, திருப்பியதும் நின்றது. மற்ற மூன்றுக்கும் இடமில்லை. இத்தாலி ஹோல்டர்கள் வேறு வகை. சூசைதாசன் அங்கிள் பக்கத்து ஒழுங்கையைப் பார்த்துப் பெருமூச்சு விட்டார்.

திரும்பப் போய், ஓட்டை சின்னது என்றேன்.

"எவ்வளவு சின்னன்?"

விரலால் காட்டினேன். கையைத் தாழ்த்தியபோது இன்னும் சின்னதாகத் தெரிந்தது.

"டிகிரியை வச்சு அளக்க ஏலாது தம்பி," என்று டின்னை என் பக்கம் தள்ளினார். "இதெல்லாம் செத்தது. கரண்டை ஓஃப் பண்ணிப்போட்டு ஒவ்வொண்டாப் போட்டுப் பாரும். எது பிடிக்குதோ அதை வந்து சொல்லும். நாலு மணிக்குக் கடை பூட்டு, டின் வரவேணும்."

வந்து போட்டுப் பார்த்தேன். பக்கத்து இரண்டு ஹோல்டர்களுக்குள்ளும் மரை இருந்தது. பெரிய ஸ்க்ரூ நுழையவே இல்லை. மெழுகுதிரி வடிவச் சின்ன ஸ்க்ரூ பல்ப் இரண்டிலும் அழகாகச் சுற்றிக்கொண்டு போனது. பாதத்தடியில் இருந்த ஸ்பொட் ஹோல்டரில் இரண்டு துளைகள். ஊசி போன்ற இரட்டைப் பின் பல்ப் அதில் நிற்காமல் விழுந்தது. குண்டுக் கால்கள் உள்ளது உள்ளே போய், சற்றுத் திருப்பியதும் பூட்டிக்கொண்டது. வாழ்க்கையில் முதல் தடவையாக ஒரு பரிசோதனை எனக்குச் சரிவந்தது.

சின்ன ஸ்க்ரூவில் இரண்டு, குண்டுக் காலில் ஒன்று என்று வாங்கி வந்து பூட்டினேன். மூன்று ஐம்பதுக்கு டின்னோடு ஓடினேன். எரித்துப் பார்க்க அங்கிள் விடவில்லை. புதுக்கூட்டின் முதல் வெளிச்சம் பவனிச் சுரூபம் வரும்போதுதான் விழவேண்டுமாம்.

ஆறரைக்குப் பவனி ஒழுங்கை முனைக்கு வந்தது. அங்கிள் சுவிட்சைப் போட்டார். கூரை எரிந்தது. பாதம் எரிந்தது. வலது பக்கம் எரிந்தது. இடது பக்கம் இருட்டு. கூட்டுக்குள் அந்தோனியார் பாதி முகத்தோடு நின்றார். பக்கத்து ஒழுங்கையில் ஒருவர் கைபேசியை வெளியே எடுத்தார். அங்கிளின் கழுத்து சிவந்தது.

அப்போது செபமாலைப் பெண்களின் வரிசையிலிருந்து செலீன் அக்கா விலகி வந்தார். சேலையில் அவரை அடையாளம் காண எனக்கு ஒரு கணம் எடுத்தது.

"ஓஃப் பண்ணுங்கோ அண்ணே."

கதவைத் திறந்து இடது பல்பைக் கழற்றினார். அதன் தலையில் சிவப்புப் புள்ளி. கைப்பையிலிருந்து புள்ளியில்லாத ஒன்றை எடுத்துச் சுற்றினார்.

"டின்னை எண்ணினனான். எண்ணிக்கை சரி. ஒண்டில மட்டும் புள்ளி இல்ல. புதுசை எனக்குத் தந்திட்டு, செத்ததை அந்தோனியாருக்குக் குடுத்திருக்கிறீர்."

அங்கிள் சுவிட்சைப் போட்டார். முழு முகமும் தெரிந்தது. பக்கத்து ஒழுங்கைக்காரர் கைபேசியைப் பையில் போட்டுக்கொண்டார். அங்கிள் என்னை உடனே மன்னித்தார். அந்தக் கைபேசி உள்ளே போனதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாராம்.

பல்கலைக்கழகத்தில் நாலு வருடம் என்ன செய்தேன் என்று நான் யோசித்துக்கொண்டிருக்க, செலீன் அக்கா செத்த பல்பைக் கைலேஞ்சித் துணியில் சுற்றிப் பைக்குள் வைத்துக்கொண்டு வரிசைக்குத் திரும்பினார். விட்ட மணியிலிருந்தே செபமாலையைத் தொடர்ந்தார்.