குழாய்க்குப் போடுற அது

ஆணியும் பைப்பும் விற்றே தலை நரைத்த கடைக்காரர் ஷட்டரைப் பாதி இறக்கியிருந்தார். ஒருவர் குனிந்து உள்ளே வந்தார்.

“அண்ணே, குழாய்க்குப் போடுவாங்களே, அது ஒண்ணு குடுங்க.”

காலையிலிருந்து இப்படி எத்தனை ‘அது’! கடைக்காரருக்குப் பேசிப் பேசித் தொண்டை வறண்டிருந்தது.

“எங்க ஒழுகுது? சுவரோரமா, கைப்பிடியிலயா, வாயிலயா?”

“வாயிலதான். மூடினாலும் சொட்டுது.”

அப்படியென்றால் அவர் கேட்பது மரையில் சுற்றுகிற டேப் இல்லை.

“எப்படி மூடுவீங்க? கையால செஞ்சு காட்டுங்க.”

வந்தவர் காற்றைத் திருகினார். ஒரு சுற்று, இன்னொரு சுற்று, கடைசியில் பல்லைக் கடித்துக்கொண்டு ஒரு முறுக்கு. கால்வாசிச் சுற்றிலேயே கை நின்றிருந்தால் உள்பாகத்தையே மாற்ற வேண்டும். இது பழைய திருகு குழாய்; உள்ளே ரப்பர் வாஷர் தேய்ந்திருக்கிறது. கடைக்காரர் அரை இஞ்ச் வாஷர் ஒன்றை எடுத்து வைத்தார்.

“முதல்ல டேங்க்லேர்ந்து வர்ற பைப்புல வால்வை மூடிடுங்க. இல்லன்னா வீடு குளமாயிடும்.”

“அந்த வால்வா? அது எவ்வளவு திருகினாலும் சும்மா சுத்துதுண்ணே. அதுக்கும் ஏதோ ஒண்ணு போடுவாங்களாமே...”

கடைக்காரர் ஷட்டரை மறுபடி மேலே தள்ளினார்.