ஆற்றுக்கு அக்கரையில் பதிவான பிள்ளைகள்

மாவட்டப் புள்ளியியல் அலுவலகத்தில் அவரை எல்லோரும் பதிவேட்டக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். இருபத்திரண்டு வருடமாகப் பிறப்பு, இறப்புத் தாள்களோடு வாழ்கிறவர். பேருந்து நடத்துனரான அவருடைய கணவருக்கு இதில் தீராத கிண்டல். "நான் டிக்கெட் எடுத்தவங்களை எண்ணுறேன். இவ டிக்கெட் எடுக்காம வந்தவங்களையும் போனவங்களையும் எண்ணுறா" என்பார்.

ஒரு திங்கட்கிழமை அதிகாரி அக்காவை அறைக்குள் அழைத்தார்.

"நம்ம மாவட்டத்துல ஆயிரம் பேருக்குப் பத்துப் பிறப்புகூட இல்லக்கா. குழந்தையே குறைஞ்சு போச்சுன்னு கிராமச் செவிலியர் பணியிடத்துல பன்னிரண்டை எடுத்துடப் போறாங்க. வெள்ளிக்கிழமைக்குள்ள இந்தக் கணக்குல நாம கையெழுத்துப் போட்டு அனுப்பணும்."

அக்கா தாளைப் பார்த்தார். மக்கள் தொகை நான்கு லட்சம். ஒன்பது வருடத்துக்கு முந்தைய கணக்கெடுப்பிலிருந்து கணித்தது. போன வருடம் பதிவான பிறப்பு மூவாயிரத்துத் தொள்ளாயிரம். கணக்கில் தப்பில்லை. ஆனால் மனசு ஒப்பவில்லை.

மாவட்டத்தில் மாதிரிக் கணக்கெடுப்புக்கு ஐந்து இடங்கள் உண்டு. ஒவ்வொன்றிலும் உள்ளூர்க்காரர் ஒருவர் பிறப்பு இறப்பை நடக்க நடக்கக் குறித்துக்கொள்வார். ஆறு மாதத்துக்கு ஒருமுறை மேற்பார்வையாளர் அந்தக் குறிப்பைப் பார்க்காமலே வீடு வீடாகத் தனியாக விசாரிப்பார். இரண்டும் ஒத்துப்போகாத இடத்துக்குத் திரும்பப் போய்ச் சரிபார்ப்பார்கள். அப்படிச் சலித்து எடுத்ததில் அதே வருடம் ஆறாயிரம் பேருக்குத் தொண்ணூற்றாறு பிறப்பு. அதாவது ஆயிரத்துக்குப் பதினாறு.

"அஞ்சு இடத்தை வச்சு மாவட்டத்துக்கே சொல்ல முடியுமா?" என்றார் அதிகாரி.

"முடியாது சார். அது மாநிலத்துல எல்லா இடத்தையும் சேர்த்தாத்தான் சரியா வரும், நம்ம அஞ்சு இடம் ரொம்பச் சின்னது. ஆனா அந்தத் தொண்ணூத்தாறு பிள்ளைங்க நம்ம பதிவேட்டுல இருக்காங்களான்னு தேடிப் பார்க்கலாமே?"

அதிகாரி யோசித்தார். "மூணு வாரம் அவகாசம் கேக்குறேன். அதுக்கு மேல என்னைக் கேக்காதீங்க."

ஒவ்வொரு பிள்ளையாகத் தேடினார் அக்கா. தாயின் பெயர், தேதி, முகவரி. ஐம்பத்தெட்டுதான் அகப்பட்டது. சாப்பிடும்போது கணவரிடம் புலம்பினார்.

"மிச்சத்தை எங்கே போய்த் தேடுறது?"

"ஆத்துல புதுப் பாலம் திறந்ததிலேர்ந்து நிறைமாசக்காரிங்க எல்லாம் என் பஸ்லதான். அக்கரையில பெரிய ஆஸ்பத்திரி வந்துடுச்சுல்ல? பிரேக் போடவே டிரைவர் பயப்படுறார்."

அக்கா சோற்றில் கை வைத்தபடியே உட்கார்ந்துவிட்டார். பிறப்பை அது நடந்த இடத்தில்தான் பதிவு செய்வார்கள். அக்கரை அடுத்த மாவட்டம்!

மறுநாளே அங்கே போனார். அங்கிருந்த பதிவாளர் முதலில் முகம் கொடுத்துப் பேசவில்லை. நோக்கம் தெரிந்ததும் நாற்காலியை நகர்த்திப் போட்டார். அகப்படாத பிள்ளைகளில் முப்பத்தொரு பேர் அங்கே இருந்தார்கள். ஏழு பேர் மட்டும் எங்கேயும் இல்லை.

அந்த ஏழு வீட்டுக்கும் நேரில் போனார். ஒரு தெருவில் மாதிரிக் கணக்கெடுப்புக்கு விவரம் குறித்தவர் ஒரு தையல்காரப் பெண். அவரே அக்காவை ஒரு வீட்டுக்குக் கூட்டிப்போனார். அந்த வீட்டுத் தாய் வாசலிலேயே தயங்கி நின்றாள்.

"மூணு நாள்தான்க்கா இருந்துச்சு. அதுக்கு எதுக்குச் சர்டிபிகேட்டுன்னு விட்டுட்டாங்க. பிறந்ததையும் எழுதல, போனதையும் எழுதல."

"எழுதலாம்மா, இப்பவும் எழுதலாம். தாமதப் பதிவுன்னு இருக்கு. நான் கூட வர்றேன்" என்றார் அக்கா. அந்தத் தாய் உள்ளே போய்ப் பிள்ளைக்கு வைக்க நினைத்திருந்த பெயரைச் சொல்லிக்கொண்டே அடையாள அட்டையை எடுத்து வந்தாள்.

மீதி வேலை அக்கரைப் பதிவேடு முழுவதிலும் தாய் வசிக்கும் இடத்தைப் பார்த்துப் பிரிப்பது. இரண்டாயிரத்து அறுபது பிள்ளைகள் இந்த மாவட்டத்தார். அவர்களைச் சேர்த்து, இங்கே வந்து பெற்றுப் போன வெளிமாவட்டத்தார் நாற்பது பேரைக் கழித்ததும் ஆயிரத்துக்குப் பதினைந்தை ஒட்டி வந்தது. எங்கேயும் பதிவாகாமல் போனதையும் சேர்த்தால் இன்னும் கொஞ்சம் கூடும் என்று தனியாக எழுதினார்.

அதிகாரி இரண்டு தடவை படித்தார். "பிரசவம் அங்கே, தடுப்பூசி இங்கே. அப்போ செவிலியரை எடுத்தா யாரு ஊசி போடுறது?" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு கையெழுத்துப் போட்டார்.

பன்னிரண்டு செவிலியர் பணியிடமும் நிலைத்தது. இனி இரண்டு மாவட்டமும் மாதாமாதம் தாய் வசிப்பிடப் பட்டியலைப் பரிமாறிக்கொள்வதென்று உத்தரவும் வந்தது. தாமதப் பதிவுக்குப் பதிவேட்டக்கா அந்தத் தாயோடு வரிசையில் நின்றார். முதலில் பிறப்புச் சான்றிதழ், பிறகு இறப்புச் சான்றிதழ். இரண்டிலும் பிள்ளையின் பெயர் பிழையில்லாமல் இருக்கிறதா என்று அங்கேயே வாசித்துப் பார்த்துவிட்டுத்தான் அவள் கையில் கொடுத்தார்.